சிவப்பு மட்டும் ஏன் தடிக்கிறது?

முன்கையில் ஒரு ரோஜா. கறுப்புக் கோட்டில் வரைந்து, இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை. குத்தி ஏழு மாதம் ஆகிவிட்டது. புண் ஆறி, பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்ட டாட்டூ அது. ஒருநாள் குளித்துவிட்டுத் துடைக்கும்போது இதழ்கள் மட்டும் கைக்குத் தட்டுப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ரோஜாவின் ஓரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்; அந்த அளவுக்கு மேடு. அரிப்பு தாங்கவில்லை. ஆனால் இலையில் ஒன்றுமில்லை. கறுப்புக் கோட்டிலும் ஒன்றுமில்லை. தடிப்பு, சிவப்பு மை நின்ற இடத்தில் பிசகாமல் நிற்கிறது.

தோல் மருத்துவரிடம் இப்படி ஒரு கை நீட்டப்பட்டால் அவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கிருமிக்கு நிறம் தெரியாது. சாதாரணமாகச் சீழ் பிடிக்கிற புண், கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவும். ஒவ்வாமைதான் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற நிறங்களைத் தொடாமல், படத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கொஞ்சம் வில்லங்கமான விலக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

நம் ஊரில் பச்சை குத்துவது புதிதில்லை. விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, ஊசியால் குத்திய கோலமும் தேளும் பாட்டிகளின் கையில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கைகளில் இருந்தது ஒரே நிறம். புதிதாக வந்தது சிவப்பும் மஞ்சளும் ஊதாவும்தான். அவற்றோடு சேர்ந்து வந்ததுதான் இந்தத் தடிப்பும். டாட்டூ மையில் எந்த நிறத்துக்கும் ஒவ்வாமை வரலாம். ஆனால் உலகில் எந்த ஊர் மருத்துவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சிவப்பைத்தான். ரோஸும் ஊதாவும் ஆரஞ்சும்கூட அதே குடும்பம்; அவற்றிலும் சிவப்புச் சாயம் கலந்திருக்கும்.

பழைய காலத்துச் சிவப்பு மையில் இருந்தது சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. அப்போது பாதரசத்தின் மேல் பழி போட்டார்கள். இன்றைய சிவப்பில் பெரும்பாலும் பாதரசம் கிடையாது. இப்போதிருப்பவை அசோ சாயங்கள், குயினாக்ரிடோன் போன்ற கரிமச் சாயங்கள். இவற்றில் பல, மனிதத் தோலுக்கென்று உருவாக்கப்பட்டவையே அல்ல. பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அச்சு மைக்கும் தயாரானவை. பாதரசம் போனபிறகும் சிவப்பின் பெயர் மட்டும் மாறவில்லை.

சாயம் தோலுக்குள் என்ன ஆகிறது என்பதை அறிந்தால், ஏழு மாதம் கழித்து ஏன் வருகிறது என்பது புரியும். டாட்டூ ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவது. அங்கே விட்ட மை தங்காது. உள்தோலில் விட்ட மைத்துகளை உடம்பின் காவல் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன. ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடியாது. அந்தச் செல் செத்தால் துகள் வெளியே விழும், பக்கத்தில் இருக்கும் புதிய செல் அதை விழுங்கும். எலிகளின் தோலில் இதைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். டாட்டூ வருடக்கணக்கில் அழியாமல் நிற்பது இப்படித்தான். மையில் ஒரு பங்கு நிணநீரோடு சேர்ந்து, அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கும் நெறிகளுக்கும் போய்விடுகிறது.

ஆக, சாயம் அங்கேயே கிடக்கிறது. வெயிலும் உடம்பின் வேதியியலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. உடைந்த துணுக்கு ஒன்று தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனாக அடையாளம் காண்கிறது. அன்றிலிருந்து அந்த இடத்துக்கு டி-செல்கள் படையெடுக்கின்றன. இது சில வாரங்களிலும் நடக்கலாம், சில மாதங்களிலும் நடக்கலாம். பத்து வருடம் சும்மா இருந்த சிவப்பு திடீரென்று பொங்கியதும் உண்டு.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் டாட்டூ கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்தியவர் பேராசிரியர் யோர்கன் சேரூப். டாட்டூவால் பாதிக்கப்பட்ட 90 பேருக்கு அவரும் அவருடைய சகாவும் ஒட்டுச் சோதனை செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுச் சோதனை என்றால், சந்தேகப்படும் பொருளை முதுகில் சிறு சிறு பட்டைகளாக ஒட்டி, சில நாள் கழித்து எது சிவக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலோருக்கு எதுவுமே சிவக்கவில்லை. அவர்களுக்குத் தொந்தரவு கொடுத்த மையையே ஒட்டிப் பார்த்தும் பலன் இல்லை. காரணம் எளிது: குற்றவாளி புட்டியில் இல்லை. அது தோலுக்குள் போன பிறகு உருவாவது. அதனால் "டாட்டூ குத்துவதற்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை" என்று கடையில் சொன்னால், அந்த வார்த்தையை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. வந்துவிட்ட பிறகும், "எனக்கு என்ன சாயம் ஆகாது, சோதனை எழுதுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்திப் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையோ வரம்போ போட்டிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் மேலே சொன்ன காரணத்தால், சட்டப்படி சுத்தமான புட்டியும் ஒவ்வாமையைத் தராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இனி அதே ரோஜாவின் முதல் இரண்டு வாரத்துக்குப் போவோம். ஏனென்றால் ஆபத்தான விஷயம் அங்கேதான் இருக்கிறது. அரிப்பெடுக்கும் சிவப்பு, ஆளைத் தூங்கவிடாது. ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை. புது டாட்டூவில் வரும் கிருமித் தொற்று அப்படியல்ல.

புது டாட்டூ என்பது ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள் சேர்ந்த ஒரு புண். முதல் நாள் சுற்றிலும் சிவந்திருக்கும், சுடும், கொஞ்சம் வீங்கும். மை கலந்த நீர் கசிந்து சட்டையில் படும். அது சீழ் அல்ல. வெயிலில் காய்ந்த தோல்போல எரியும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எரிச்சல் இறங்கத் தொடங்கும். அடுத்த வாரம் மெல்லிய பொருக்கும் செதிலும் உதிரும், நிறமும் சேர்ந்து உதிர்வதுபோல் பயமுறுத்தும். அப்போது அரிப்பும் வரும். ஆறுகிற எந்தப் புண்ணும் அரிக்கத்தான் செய்யும். அந்த அரிப்பு எல்லா நிறத்திலும் இருக்கும், மேடு தட்டாது, நாளுக்கு நாள் குறையும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மேல்தோல் மூடிவிடும்.

கவனிக்க வேண்டியது போகும் திசையை. ஆறுகிற புண் ஒவ்வொரு நாளும் நேற்றைவிடப் பரவாயில்லை என்றிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வலி குறையாமல் ஏறினால், தொடாமலே விண் விண் என்று தெறித்தால், அது ஆறவில்லை. சிவப்பு படத்தின் கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுவது அடுத்த அடையாளம். புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுடும். தெளிந்த நீர் போய் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சீழ் வரும், நாற்றம் அடிக்கும். அக்குளில் நெறி கட்டும்.

சிவப்பு பரவுகிறதா என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் மணியை எழுதுங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு, கறுத்த ஊதாவாகவோ வெறும் பளபளப்பான வீக்கமாகவோ மட்டும் தெரியலாம். அப்போது தொட்டுப் பார்த்து, சூடும் இறுக்கமும் முடிகிற இடத்தில் கோடு போட வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து எல்லை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலும் இதைத்தான் செய்கிறார்கள். வெறும் பேனாதான் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

இரவு என்றும் ஞாயிறு என்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டிய நேரங்கள் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, குளிரில் உடம்பு தூக்கிப் போடுவது. டாட்டூவிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது. பார்த்தால் சின்னப் புண். வலியோ பொறுக்க முடியாதது. தோல் கறுத்து, நீலம்பாரித்த கொப்புளம் போடுவது. இந்தக் கடைசி நிலை தோலுக்கு அடியிலேயே சதை அழுகுவதைக் காட்டும். மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும். சர்க்கரை நோயாளிகள், கல்லீரல் கெட்டவர்கள், வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் முன்னாலேயே போக வேண்டும்.

கல்லீரலைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 31 வயது ஆண் ஒருவர் காலில் புது டாட்டூ குத்திக்கொண்டு, ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் கடலில் இறங்கினார். குடியினால் அவருடைய கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. ஒரே நாளில் காய்ச்சல், நடுக்கம், காலெல்லாம் சிவப்பு. வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி திறந்த துளைகள் வழியே உள்ளே போயிருந்தது. இரண்டு மாதம் போராடியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2017-இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. அபூர்வமானதுதான். ஆனாலும் பொருக்கு முழுவதும் உதிரும்வரை கடலும் வேண்டாம், குளமும் வேண்டாம், நீச்சல்குளமும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

சாதாரணத் தொற்றுகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு கிருமிகள். முதலாவது சீழ்க்கட்டியாகத் தேங்கும். இரண்டாவது தேங்காமல் வேகமாகப் பரவும். சரியான நேரத்தில் போனால் ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே அடங்கிவிடும். சீழ் இருந்தால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான மருந்துக்கு மசியாத ஸ்டஃப் கிருமிகள் இப்போது எங்கும் இருக்கின்றன.

நம் ஊரில் காரியம் கெடுவது வேறு இடத்தில். டாட்டூ சிவந்திருக்கிறது, தெருமுனை மருந்துக்கடையில் போய், "அண்ணா, அரிப்புக்கு ஏதாவது க்ரீம் கொடுங்க" என்று கேட்பார்கள். அவர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து கலந்த ஒரு ட்யூப். படர்தாமரைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அதோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. போட்ட மறுநாளே சிவப்பு வெளுக்கும், அரிப்பு நிற்கும். வியாதி குணமானதால் அல்ல, ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் கட்டிப்போட்டுவிட்டதால். இருப்பது ஒவ்வாமை என்றால் அது சரியான மருந்தே. இருப்பது கிருமி என்றால், காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை வீட்டுக்குள் விட்டதாக ஆகிறது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்து, மருந்து நேரெதிராக இருப்பதுதான் இந்த விஷயத்தின் சிக்கலே.

அந்த ட்யூபில் இன்னொரு தொல்லையும் உண்டு. நியோமைசின், ஃப்ராமைசெட்டின் போன்ற கிருமிக்கொல்லிக் களிம்புகளே பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டாட்டூவுக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தின் பசையும் அப்படித்தான். இந்த வகையைக் கண்டுபிடிப்பது சுலபம்: சிவப்பும் பொடிப்பொடிக் கொப்புளமும் ரோஜாவின் வடிவத்தில் இருக்காது, களிம்பு தேய்த்த அகலத்துக்கோ, படலத்தின் சதுர வடிவத்துக்கோ இருக்கும். போடுவதை நிறுத்தினால் தணியும்.

இப்போது அந்த வில்லங்கமான விலக்கு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். 2011-இன் கடைசி மாதங்களில் ஒரே டாட்டூ கலைஞரிடம் குத்திக்கொண்டவர்களுக்குச் சில வாரங்களுக்குள் சின்னச் சின்னச் சிவந்த மேடுகள் கிளம்பின. பெரிய சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. மேடுகள் எல்லாம் ஒரே நிறத்தில்தான்: நிழல் கொடுப்பதற்காகத் தீட்டிய சாம்பல் நிறத்தில். கறுப்புக் கோடு சுத்தமாக இருந்தது. நாம் மேலே போட்ட விதிப்படி பார்த்தால் இது ஒவ்வாமை. ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுக்க எந்த மருத்துவருக்கும் கை நீளும்.

தோலைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்தபோது கிடைத்தது மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு; தண்ணீரிலும் மண்ணிலும் சும்மா வாழ்வது. மொத்தம் 19 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கலைஞரின் கடையில் குறை எதுவும் தட்டுப்படவில்லை. சாம்பல் மை, கறுப்பு மையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து தயாரிப்பது. இங்கே அதைக் கலைஞர் கலக்கவில்லை. தயாரிப்பாளரே கலந்து புட்டியில் அடைத்து விற்றிருந்தார். மூடி திறக்காத புட்டியிலேயே அதே கிருமி இருந்தது. மை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2012-இல் விவரம் முழுவதும் வெளியானது. புது ஊசி, கையுறை, கொதிக்கவைத்த கருவி என்று எல்லாமே சரியாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத தொற்று இது.

அப்படியானால் ஒரே நிறத்தில் நிற்கும் தடிப்பு ஒவ்வாமையா, இந்தக் கிருமியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலம் ஒரு குறிப்பு. கெலோனே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், அதிகம் போனால் சில மாதங்களுக்குள் தலைகாட்டும். இரண்டாவது, சிவப்பு ஒவ்வாமை நிறம் நின்ற இடம் முழுவதையும் ஒரே பாளமாகத் தூக்கும். கிருமி தனித்தனி முத்துகளாக எழும்பும், சிலவற்றின் உச்சியில் சீழ்ப்புள்ளி இருக்கும். மூன்றாவது, அதே கடையில் அதே வாரம் குத்திக்கொண்ட நண்பருக்கும் வந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்; ஒவ்வாமை கூட்டமாக வராது. இவ்வளவு பார்த்த பிறகும் சந்தேகம் தீராமல் போகலாம். அப்போது பயாப்ஸிதான்.

அந்தப் பயாப்ஸியை எப்படி எடுக்கிறார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்த தசையை முழுக்க ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினுக்கும் இன்னொரு துண்டு உப்புநீரிலும் போக வேண்டும். கெலோனே உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் சரியாக வளராது. 30 டிகிரியை ஒட்டி வைத்தால்தான் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். "டாட்டூ தோல், மைக்கோபாக்டீரியம் சந்தேகம்" என்று ஆய்வகத்துக்கு எழுதி அனுப்பினால்தான் அவர்கள் அப்படி வைப்பார்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு கிருமியும் ஒன்றுபோல் சாயம் ஏற்றுக்கொள்ளும். காசநோய் என்று நினைத்து வழக்கமான மருந்தைத் தொடங்கினால் கெலோனே மசியாது. அதற்குக் கிளாரித்ரோமைசின் போன்ற வேறு மருந்து, மாதக்கணக்கில்.

மற்ற மேடுகளைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. தோளிலும் நெஞ்சிலும் குத்திய டாட்டூ, நிறம் பார்க்காமல் எல்லாக் கோட்டிலும் வழுவழுவென்று தடித்தால் அது கெலாய்டு தழும்பாக இருக்கலாம். நம் தோலுக்கு அது கொஞ்சம் அதிகம். கறுப்பு மை தடிப்பது வேறு கதை. அதுவும் பழைய கறுப்பு டாட்டூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தடித்து, கூடவே வறட்டு இருமலோ கண் சிவப்போ இருந்தால், சார்காய்டோசிஸ் என்ற உள்நோய் டாட்டூவில் முகம் காட்டுவதாக இருக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

ரோஜாவுக்குத் திரும்புவோம். ஏழு மாதம், சிவப்பு மட்டும், ஒரே பாளம், காய்ச்சல் இல்லை, நண்பர்களுக்கு வரவில்லை. பயாப்ஸியிலும் கிருமி இல்லை. ஒவ்வாமை என்று முடிவாகிவிட்டது. முதல் மருந்து வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, மருத்துவர் சொல்லும் நாள் கணக்குக்கு மட்டும். தடித்த தோலுக்குள் களிம்பு இறங்காவிட்டால் ட்ரையம்சினலோன் ஊசியைத் தடிப்புக்குள்ளேயே போடுவார்கள், நான்கைந்து வார இடைவெளியில். மேடு அமுங்கும், அரிப்பு குறையும். ஆனால் காரணம் தோலுக்குள்ளேயே கிடப்பதால் மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப வருகிறது. ஊசி அதிகமானால் தோல் மெலிந்து வெளுத்தும் போகும்.

இந்தக் கட்டத்தில்தான், சலித்துப்போனவர் கண்ணில் "வலியில்லாமல் டாட்டூவை அழிக்கிறோம்" என்ற விளம்பரம் படும். சாதாரண டாட்டூவை அழிக்கும் லேசர், மைத்துகளைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கிறது. உடம்பு அந்தத் தூளை அள்ளிக்கொண்டு போகும். ஒவ்வாமை உள்ள சிவப்பில் அதைச் செய்தால், ஆகாத பொருளை உடம்பு முழுக்கத் தூவியதாகிவிடும். தடிப்பு பெருகலாம், உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறல்வரை போனவர்களும் உண்டு. அழகு நிலையத்தில் லேசர் இயக்குபவரிடம் "இந்தச் சிவப்பு அரிக்கிறது" என்று சொல்லாமல் உட்காரக் கூடாது. அதைக் கேட்ட பிறகும் அவர் தயங்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மையைச் சிதறடிக்காமல், தோலோடு சேர்த்து வெளியே எடுப்பதுதான் வழி. மெல்லிய கத்தியால் சிவப்பு நின்ற தோலை அடுக்கடுக்காகச் சீவி எடுப்பது கோபன்ஹேகன் மருத்துவர்களின் முறை. கார்பன்-டை-ஆக்ஸைடு லேசரால் தோலை ஆவியாக்கி எடுப்பது இன்னொன்று. சிறிய படம் என்றால் வெட்டித் தைத்துவிடலாம். எதிலும் தழும்பு நிற்கும். கெலாய்டு வரும் உடம்பென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை சிவப்புக்கு வந்துவிட்டால், அது அந்த ஒரு ரோஜாவோடு நிற்பதில்லை. வருடக்கணக்கில் பேசாமல் இருந்த தோள்பட்டைச் சிவப்பும் சேர்ந்து தடிக்கத் தொடங்கியதாகச் சொல்பவர்கள் உண்டு. அடுத்து எங்கே சிவப்பு குத்தினாலும் வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் குத்தும்போதே மைப்புட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வருடம் கழித்துத் தடித்தால், கடையில் அந்தப் புட்டி இருக்காது.

டாட்டூ கடைக்கே போகாதவர்களுக்கும் இது பொருந்தும் ஓர் இடம் உண்டு. உதட்டுக்கு நிலையான நிறம் என்று பியூட்டி பார்லர்களில் ஊசியால் ஏற்றுவது இதே வேலைதான். பலசமயம் இதே சிவப்புச் சாயம்தான். அங்கே தடித்தால் களிம்பும் ஊசியும்வரை மருத்துவர் வருவார். உதட்டைச் சீவி எடுப்பதற்கு யாரும் அவ்வளவு எளிதில் கத்தியைக் கையில் எடுக்கமாட்டார்கள்.